ஆட்டோ டெபிட் திரும்பி வந்தால் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: மாதத் தவணையை ஆட்டோ டெபிட்டில்தான் எடுக்கிறோம். சிலருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. வேறு வழியில் கட்டுங்கள், பவுன்ஸ் சார்ஜ் போட்டிருக்கிறோம் என்று மெசேஜ் அனுப்பினால் சண்டைக்கு வருகிறார்கள். சிலர் இரண்டு தடவை கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்:

எழுத உட்காருவதற்கு முன்னால், பணம் ஏன் வரவில்லை என்பதைப் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வேலையையே யாரும் செய்வதில்லை. திரும்பிய பட்டியலை எடுத்து அத்தனை பேருக்கும் ஒரே மெசேஜைத் தட்டிவிடுகிறார்கள், பாதிச் சண்டை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. வங்கி திருப்பி அனுப்பும் ஒவ்வொரு டெபிட்டோடும் ஒரு காரணக் குறியீடு வரும். வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கும் முறைகள் பலவற்றில் AM04 என்றால் இருப்பு போதவில்லை, AC04 என்றால் கணக்கே மூடப்பட்டுவிட்டது, MD01 என்றால் செல்லுபடியாகும் அனுமதி இல்லை. கார்டில் எடுத்தால் 51 என்பது இருப்புக் குறைவு, 54 என்பது கார்டு காலாவதி. உங்கள் வங்கி வேறு எண்களை வைத்திருக்கலாம், ஆனால் பிரிவுகள் ஏறக்குறைய இவைதான்.

இதில் இருப்புக் குறைவு என்பது தற்காலிகம், நாளைக்கே சரியாகலாம். கணக்கு மூடியது, கார்டு காலாவதியானது எல்லாம் எத்தனை முறை முயன்றாலும் வராது, அங்கே இந்த மாதப் பணத்தோடு அடுத்த மாதத்துக்குப் புது அனுமதியும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுமதி இல்லை என்று வந்தால் வாடிக்கையாளர் வேண்டுமென்றே ரத்து செய்திருக்கலாம், உங்கள் பக்கம் படிவம் சரியாகப் பதிவாகாமலும் போயிருக்கலாம். அவரிடம் அபராதம் கேட்கும் முன் அதை விசாரியுங்கள். இன்னொன்று, MD07 என்று ஒரு குறியீடு உண்டு, கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று பொருள். அந்தக் குறியீடு வந்தால் தானாகப் போகும் எல்லா மெசேஜையும் நிறுத்திவிட்டு, ஒரு மனிதர் அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கட்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய் 'உங்கள் பணம் திரும்பிவிட்டது, அபராதம் இவ்வளவு' என்று மெசேஜ் விழுந்தால் அதை எந்த மன்னிப்புக் கடிதத்தாலும் சரிசெய்ய முடியாது.

அதிகம் வருவது இருப்புக் குறைவுதான் என்பதால் அதையே எடுத்துக்கொண்டு முழுசாகப் போட்டுப் பார்ப்போம். தவணை 2,400 என்று வையுங்கள், எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கெடு 5ஆம் தேதி. 5ஆம் தேதி டெபிட் போட்டீர்கள், 7ஆம் தேதி AM04 என்று திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறது: டெபிட் திரும்பினால் ஒரு தவணைக்கு ஒருமுறை 150. 12ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது, 13ஆம் தேதியிலிருந்து நாளுக்கு 10. இதற்கு நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"வணக்கம். 5ஆம் தேதி எடுக்க வேண்டிய உங்கள் மாதத் தவணை 2,400, 4471 என்று முடியும் வங்கிக் கணக்கிலிருந்து எங்களுக்கு வந்து சேரவில்லை. டெபிட்டை உங்கள் வங்கி திருப்பி அனுப்பிவிட்டதாக இன்று எங்களுக்குத் தகவல் வந்தது.

இந்த மாதத் தொகைக்காக அந்தக் கணக்கில் மறுபடியும் டெபிட் போட மாட்டோம். 12ஆம் தேதிக்குள் கார்டு மூலமாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கட்டிவிடுங்கள். கட்ட வேண்டியது 2,550: தவணை 2,400, டெபிட் திரும்பியதற்கான கட்டணம் 150 (ஒப்பந்தம், பிரிவு 6). 13ஆம் தேதியிலிருந்து, தவணை முழுதும் வந்து சேரும் வரை, நாளுக்கு 10 தாமதக் கட்டணம் சேரும்.

உங்கள் வங்கி தன் பங்குக்குத் தனியாகக் கட்டணம் பிடித்திருக்கலாம். அது எங்களுக்கு வருவதில்லை, அதை எங்களால் திருப்பித் தரவும் முடியாது.

அடுத்த மாதத் தவணை வழக்கம்போல் 5ஆம் தேதி இதே கணக்கிலிருந்து எடுக்கப்படும். கணக்கை மாற்ற வேண்டுமென்றால் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.

இதற்குள் கட்டிவிட்டிருந்தால் மறுபடி கட்ட வேண்டாம், பரிமாற்ற ரெஃபரன்ஸ் எண்ணை மட்டும் அனுப்புங்கள். ஒரே தடவையில் கட்டுவது சிரமம் என்றாலும், கட்டணத்தில் சந்தேகம் இருந்தாலும் 12ஆம் தேதிக்கு முன் பேசுங்கள்."

கொஞ்சம் நீளம்தான். ஆனால் சுருக்கமாக அனுப்பினால் அதே கேள்விகள் போனில் வரும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போகும். எஸ்எம்எஸ்ஸில் இடம் இல்லையென்றால் தொகை, கடைசித் தேதி, மறு டெபிட் கிடையாது என்ற மூன்றையும் மட்டும் போட்டு, மீதியை மின்னஞ்சலிலோ உங்கள் ஆப்பிலோ பார்க்கச் சொல்லுங்கள்.

'உங்கள் கணக்கில் பணம் இல்லை' என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா. குறியீடு அதைத்தான் சொல்கிறது, ஆனால் மெசேஜில் அது தேவையில்லை. போன் மேஜைமேல் கிடக்கும், பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரியும், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ. வங்கி திருப்பி அனுப்பியது என்பது உண்மை, அது போதும். காரணம் வேண்டும் என்று அவர் கேட்டால் அப்போது சொல்லுங்கள். கார்டில் 05 என்று வந்தால் இன்னும் கவனம், வங்கி மறுத்தது என்பதைத் தவிர அது வேறு எதுவும் சொல்வதில்லை. நீங்களாக ஒரு காரணத்தை ஊகித்து எழுதினால் தப்பாகத்தான் போகும்.

அப்புறம் இரண்டு தடவை கட்டும் பிரச்சினை. இது வாடிக்கையாளர் செய்யும் குழப்பம் போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் நம் பக்கத்து ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டைதான். மென்பொருளில் மறுமுயற்சி என்று ஒன்றை யாரோ எப்போதோ ஆன் செய்து வைத்திருப்பார்கள், 10ஆம் தேதி அது தானாக மறுபடி டெபிட் போடும். இந்தப் பக்கம் நீங்கள் வேறு வழியில் கட்டச் சொல்லி மெசேஜ் அனுப்புகிறீர்கள். நல்ல மனிதர், 9ஆம் தேதி ராத்திரி பரிமாற்றம் செய்துவிடுகிறார். 10ஆம் தேதிக்கான டெபிட் கோப்போ முன்கூட்டியே வங்கிக்குப் போய்விட்டது, பணம் வந்த தகவல் உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதற்குள் இரண்டாவது தடவையும் எடுத்தாயிற்று. கணக்கில் 2,600 மட்டும் இருந்தவர் என்றால் இன்னும் மோசம்: முதல் 2,550 போனபின் டெபிட் மறுபடி திரும்பும், அவருடைய வங்கி இன்னொரு முறை கட்டணம் பிடிக்கும், ஒப்பந்தத்தில் ஒருமுறைதான் என்றிருந்தாலும் உங்கள் மென்பொருள் இன்னொரு 150 ஏற்றும். கட்டின மனிதருக்கு இரண்டு அபராதம்.

அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியில் கட்டச் சொன்னால், அந்தத் தவணைக்கான மறுமுயற்சியை முதலில் நிறுத்திவிட்டு அதற்கப்புறம் மெசேஜை அனுப்புங்கள், வரிசை முக்கியம். மறுமுயற்சிதான் செய்யப்போகிறீர்கள் என்றால் தேதியைச் சொல்லி, 10ஆம் தேதி 2,400 எடுப்போம், கணக்கில் வைத்திருங்கள், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம் என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே மெசேஜில் கலந்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று பேருக்காவது பணம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். என்னைக் கேட்டால், சம்பள நாள் இரண்டொரு நாளில் வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு மறுமுயற்சி நல்லது, மற்றவர்களுக்கு வேறு வழி. கார்டு விஷயத்தில் கண்மூடித்தனமாக மறுபடி மறுபடி போட்டால் கார்டு நெட்வொர்க்குகளே அதற்குக் கட்டுப்பாடும் கட்டணமும் வைத்திருக்கின்றன. காலாவதியான கார்டில் தினமும் முயன்றுகொண்டிருப்பது காசைக் கொடுத்து மறுப்பு வாங்குவதுதான்.

இனி அபராதம். சண்டையில் முக்கால்வாசி இதற்குத்தான் வருகிறது, ஏனென்றால் வாடிக்கையாளர் பார்ப்பது இரண்டு கட்டணம், நீங்கள் போட்டது ஒன்று. அவருடைய வங்கி ஸ்டேட்மென்டில் டெபிட் திரும்பியதற்கு ஒரு தொகை பிடித்திருக்கும், உங்கள் பில்லில் 150 இருக்கும். ஒரே தப்புக்கு இரண்டு தடவை பிடுங்குகிறார்கள் என்று அவர் நினைப்பது நியாயம்தான். அதனால்தான் மாதிரி மெசேஜில் வங்கிக் கட்டணத்துக்குத் தனிப் பத்தி. அந்தத் தொகை எவ்வளவு என்று மட்டும் எழுதாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது, வங்கிக்கு வங்கி, கணக்குக்குக் கணக்கு மாறும்.

உங்கள் 150க்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்பதையும் மெசேஜ் போகும் முன் பாருங்கள். பிரிவு எண் காட்ட முடியாத கட்டணத்தைப் போடாமல் இருப்பதே நல்லது. பல நாடுகளில் இப்படிப்பட்ட கட்டணத்துக்குச் சட்டத்திலோ ஒழுங்குமுறை விதியிலோ வரம்பு இருக்கிறது, முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும், உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்பதை ஒருமுறை சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'நிர்வாகக் கட்டணம்' என்று மொட்டையாகப் போடுவதும் வேண்டாம். டெபிட் திரும்பியதற்கு இவ்வளவு, தாமதத்துக்கு இவ்வளவு என்று காரணத்தைப் பெயரிலேயே வைத்தால் பாதிக் கேள்வி வராது.

கணக்கைப் போட்டுக் காட்டுவதும் உதவும். நம் உதாரணத்தில் அவர் 12ஆம் தேதி கட்டினால் 2,550. 15ஆம் தேதி கட்டினால் 13, 14, 15 என்று மூன்று நாளுக்கு 30 சேர்ந்து 2,580. தாமதக் கட்டணம் இங்கே நாளுக்கு இவ்வளவு என்று நிலையாக இருப்பதால் சுலபம். சதவீதமாக இருந்தால் எந்தத் தொகையின்மேல் என்பதை எழுதியே ஆக வேண்டும், தவணையின்மேல் மட்டுமா, ஏற்கெனவே ஏறிய 150ஐயும் சேர்த்தா என்று. அபராதத்தின்மேல் அபராதம் ஏற்றுவதை நான் எங்கேயும் சிபாரிசு செய்ய மாட்டேன், பல இடங்களில் அது செல்லாது, செல்லும் இடத்திலும் வாடிக்கையாளர் மன்னிக்க மாட்டார்.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு சிக்கல், அவர் 2,400 மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்பது. 150க்குத் தகராறு செய்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புவார்கள். உங்கள் மென்பொருள் வந்த பணத்தில் முதலில் கட்டணத்தைக் கழித்தால், 150 அபராதத்துக்குப் போய் தவணைக்கு 2,250தான் ஏறும், 150 தவணை பாக்கியாக நிற்கும், 13ஆம் தேதியிலிருந்து அதற்கு நாளுக்கு 10 ஓட ஆரம்பிக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தவணையை முழுசாகக் கட்டிய மனிதர் பேரில் தாமதக் கட்டணம் மட்டுமே 300 போல நிற்கும், அவருக்கு எதுவும் புரியாது. ஒப்பந்தம் தடுக்காத வரை வந்த பணத்தை முதலில் தவணையில் ஏற்றுங்கள், தகராறில் இருக்கும் 150 தனியாக நிற்கட்டும், அதன்மேல் எதுவும் ஓடாது. மாதிரியில் 'தவணை முழுதும் வந்து சேரும் வரை' என்று எழுதியிருப்பது இதனால்தான். மென்பொருளில் இந்த வரிசையை மாற்ற முடியுமா என்று இப்போதே பாருங்கள், வாக்கியத்தை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே கணக்கு பழையபடி ஓடினால் பிரயோஜனம் இல்லை.

அபராதமே போடக்கூடாத இடங்களும் உண்டு. டெபிட்டைத் தேதிக்கு முன்னாலேயே போட்டுவிட்டீர்கள், அவர் மாற்றச் சொன்ன பழைய கணக்கிலேயே போட்டீர்கள், தொகையைத் தப்பாக அனுப்பினீர்கள் என்றால் தப்பு உங்களுடையது. இதில் எளிதில் கண்ணில் படாதது உச்சவரம்பு. சில முறைகளில் அனுமதிப் படிவத்திலேயே ஒருமுறைக்கு அதிகபட்சம் இவ்வளவு என்று இருக்கும். வரம்பு 2,500 என்று வாங்கியிருக்கிறீர்கள், கட்டணம் உயர்ந்து இந்த மாத பில் 2,600 ஆகிவிட்டது, டெபிட் திரும்பாமல் என்ன செய்யும்? அவர் கணக்கில் லட்சம் இருந்தாலும் திரும்பும். ஒரே மாதத்தில் திடீரென்று நிறையப் பேருக்குத் திரும்பினால், அத்தனை பேரிடமும் பணம் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்காமல் முதலில் இதைப் பாருங்கள். அங்கே எழுத வேண்டிய மெசேஜ் வேறு: எங்கள் பக்கத்துக் காரணத்தால் டெபிட் நடக்கவில்லை, உங்களுக்குக் கட்டணம் கிடையாது, உங்கள் வங்கி ஏதாவது பிடித்திருந்தால் ஸ்டேட்மென்டை அனுப்புங்கள், நாங்கள் தருகிறோம்.

'கணக்கில் பணம் இருந்ததே' என்று போன் வரும். அவர் பொய் சொல்வதாக நினைத்து ஆரம்பிக்காதீர்கள், நிறைய நேரம் அவர் பார்த்தது உண்மையாகவே இருக்கும். டெபிட் அதிகாலையில் போயிருக்கும், சம்பளம் மதியம் ஏறியிருக்கும், சாயந்திரம் பார்த்தவருக்கு இருப்பு நிறையத் தெரியும். அல்லது போட்ட காசோலை இன்னும் பாஸ் ஆகாமல் இருப்பில் மட்டும் காட்டியிருக்கும். அல்லது ஓட்டலுக்கோ வாடகை வண்டிக்கோ கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்திருப்பார்கள், அதை எடுத்துச் செலவழிக்க முடியாது. அதனால், அன்றைய கடைசி இருப்பைப் பார்க்காமல் டெபிட் வந்த நேரத்தில் பயன்படுத்தக்கூடிய இருப்பு எவ்வளவு என்று வங்கியிடம் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் போதுமான பணம் இருந்தது என்று வங்கி எழுதிக் கொடுத்தால் 150ஐ எடுத்துவிடுங்கள், வாதம் வேண்டாம்.

இன்னொரு விஷயம், இந்த மெசேஜ் பார்ப்பதற்கு மோசடி மெசேஜ் மாதிரியே இருக்கும். பணம் போகவில்லை, உடனே கட்டு, அபராதம் ஏறும், இந்த லிங்கை அழுத்து என்றுதானே அவர்களும் எழுதுகிறார்கள். ஜாக்கிரதையான வாடிக்கையாளர் அதை அழித்துவிட்டுப் போய்விடுவார், பத்து நாள் கழித்துத் தாமதக் கட்டணத்தோடு உங்களிடம் வருவார். லிங்க் போடாமல், நீங்கள் வழக்கமாக நுழையும் ஆப்பில் பில் பகுதியில் இந்தத் தொகை காத்திருக்கிறது என்று எழுதினால் நம்புவார். கணக்கின் கடைசி நான்கு இலக்கம் நம்பிக்கைக்கு உதவும், முழு எண்ணைப் போடவே கூடாது. வங்கிப் பரிமாற்றம் என்றால் உங்கள் கணக்கு எண்ணை மெசேஜில் முதல்முறையாகக் கொடுக்காமல், அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பில்லில் அச்சடித்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், பரிமாற்றக் குறிப்பில் வாடிக்கையாளர் எண்ணைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வந்த பணம் யாருடையது என்று தெரியாமல் நிற்கும், அந்த நேரத்தில் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு எண், ஓடிபி இரண்டையும் போனிலோ பதில் மெசேஜிலோ கேட்கவே கூடாது. உங்கள் ஊழியர் உதவி செய்கிறேன் என்று கேட்டாலும் தப்புதான்.

நினைவூட்டலை இரண்டோடு நிறுத்துங்கள்: 7ஆம் தேதி முதல் மெசேஜ், 11ஆம் தேதி ஒரு சின்ன நினைவூட்டல், நாளையோடு கட்டணமில்லாத நாள் முடிகிறது என்று. அதற்கு மேலே ஒரு மனிதர் போன் செய்யட்டும். சேவையை நிறுத்தும் எண்ணம் இருந்தால் எந்தத் தேதி என்பதை அந்த இரண்டாவது மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள், தேதி இல்லாமல் 'மேல்நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதுவதில் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. பணம் வந்ததும் அன்றைக்கே ரசீது போக வேண்டும், அதில் தவணை 2,400, திரும்பிய கட்டணம் 150, பாக்கி இல்லை, அடுத்த டெபிட் 5ஆம் தேதி என்று நான்கு வரி. அந்த ரசீது போகாமல் விட்டால்தான் கட்டியவரே சந்தேகத்தில் இன்னொரு தடவை கட்டுகிறார்.